கேமரா சுமக்கும் ஹெக்ஸாகாப்டர்: எடையில் தொடங்கி கே.வி.யில் முடியும் மோட்டார் தேர்வு

ஆறு மோட்டார் கொண்ட பெரிய ட்ரோனைக் கட்ட முற்படுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை கே.வி. மோட்டார் வாங்குவது என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு நேரடியான பதில் கிடையாது. கே.வி. என்பது, ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழலும் என்பதைச் சொல்லும் எண்; கணக்கின் இறுதியில் வந்து சேர வேண்டியது. எடை தெரிந்த பிறகே ஒவ்வொரு மோட்டாரும் தர வேண்டிய உந்துவிசை தெரியும். சட்டத்தின் அளவு தெரிந்த பிறகே எவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லர் பொருந்தும் என்பது தெரியும். இவை இரண்டும் சேர்ந்து ப்ரொப்பெல்லர் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த வேகத்தை நம் பேட்டரியின் வோல்ட்டேஜில் எட்டக்கூடிய மோட்டார் எது என்பதே கே.வி. குறித்த கேள்வி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, விலைக்குக் கிடைத்த மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றை அதற்குப் பொருத்த முயல்வோர், பெரும்பாலும் சூடேறும் மோட்டார்களோடும் நடுங்கும் படத்தோடும் போராட வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரை ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் பறப்புச் சோதனை வரை கொண்டுசெல்கிறது. கண்ணாடியில்லாக் கேமரா ஒன்றையும் அதன் லென்ஸையும் மூன்று அச்சு கிம்பலில் தொங்கவிட்டுத் தூக்கும் ஹெக்ஸாகாப்டர் அது.

## முதல் படி: முழு எடை

கேமரா, லென்ஸ், கிம்பல், கேமராவுக்கான தனி பேட்டரி ஆகியவை சேர்ந்து 2.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கார்பன் சட்டமும் இறங்குகால்களும் 2.1 கிலோ. ஆறு மோட்டார்கள், ஒன்று 200 கிராம் வீதம், 1.2 கிலோ. வேகக் கட்டுப்படுத்திகள், அதாவது இ.எஸ்.சி.க்கள், ப்ரொப்பெல்லர்கள், மின்கம்பிகள் எல்லாம் சேர்ந்து 0.8 கிலோ. ஃப்ளைட் கன்ட்ரோலர், ஜி.பி.எஸ்., ரிசீவர், வீடியோ டிரான்ஸ்மிட்டர் ஆகியவை 0.4 கிலோ. ஒவ்வொன்றும் 16,000 மில்லியாம்பியர் மணி கொண்ட ஆறு செல் லிப்போ பேட்டரிகள் இரண்டு, இணையாக இணைக்கப்பட்டவை, 3.8 கிலோ. மொத்தம் 10.8 கிலோ ஆகிறது. ஆறால் வகுத்தால், அசையாமல் அந்தரத்தில் நிற்பதற்கு மட்டும் ஒவ்வொரு மோட்டாரும் 1.8 கிலோ உந்துவிசை தர வேண்டும்.

இன்னும் வாங்காத மோட்டாரின் எடையை எப்படிச் சேர்ப்பது என்ற ஐயம் எழலாம். முதலில் ஊகமாக ஓர் எண்ணை வைத்துக் கணக்கை முடித்து, கிடைக்கும் விடையைக் கொண்டு ஊகத்தைத் திருத்தி, மீண்டும் ஒருமுறை கணக்கிட வேண்டும். இரண்டு சுற்றுக்குள் எண்கள் நிலைபெற்றுவிடும். தொடக்கக்காரர்களின் பட்டியலில் விடுபடுபவை பெரும்பாலும் சிறு பொருள்களே: திருகுகள், கிம்பலைத் தாங்கும் தகடு, அதிர்வுத் தாங்கிகள், பேட்டரிப் பட்டைகள், தடித்த மின்கம்பிகள். இந்த அளவுள்ள ட்ரோனில் இவை எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவை எளிதில் தாண்டும். ஆகவே கைவசம் உள்ள ஒவ்வொரு பொருளையும் தராசில் நிறுத்துப் பாருங்கள்; விற்பனைப் பக்கத்தில் உள்ள எடையை நம்ப வேண்டாம்.

அடுத்து, உச்ச உந்துவிசை எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்வி. நிற்பதற்குத் தேவையானதைப் போல இரு மடங்கு என்பது கேமரா ட்ரோன்களுக்கு ஏற்ற அளவு. பந்தய ட்ரோன்களுக்குரிய ஐந்து, ஆறு மடங்கு இங்கே தேவையற்றது. அதற்காகச் சுமக்கும் கூடுதல் மோட்டார் எடை பறக்கும் நேரத்தைத் தின்றுவிடும். ஆனால் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்குவதும் கூடாது. காற்றை எதிர்க்கவும், வேகமாக இறங்கும்போது நிலைப்படுத்தவும், திசை திரும்பவும் வேண்டிய விசை அனைத்தும் இந்த மிச்சத்திலிருந்துதான் வருகிறது. மேலும், ஹெக்ஸாவில் ஒரு மோட்டார் நின்றுவிட்டால், சமநிலைக்காக அதற்கு நேர் எதிரே உள்ள மோட்டாரும் ஏறக்குறைய ஓய்ந்துவிட வேண்டியிருக்கும். அப்போது மீதமுள்ள நான்கு மோட்டார்கள் 10.8 கிலோவைச் சுமக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் 2.7 கிலோ. உச்ச விசை 3.6 கிலோ இருந்தால் இறக்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது, திசைக் கட்டுப்பாட்டை மட்டும் நம்ப முடியாது. உச்ச விசையே 2.7 கிலோதான் என்றால் அந்த வாய்ப்பும் இல்லை. ஆறு மோட்டார் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதை இந்த எளிய வகுத்தல் கணக்கு காட்டிவிடுகிறது.

ஆக, நாம் தேடுவது 1.8 கிலோவில் நிதானமாக ஓடி, தேவைப்படும்போது குறைந்தது 3.6 கிலோ வரை எட்டும் ஒரு மோட்டார்-ப்ரொப்பெல்லர் இணை.

## இரண்டாம் படி: சட்டம் அனுமதிக்கும் ப்ரொப்பெல்லர்

ஒரே உந்துவிசையைத் தருவதற்கு, பெரிய ப்ரொப்பெல்லர் அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது; சிறியது குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுகிறது. முதலாவதற்குக் குறைந்த மின்சக்தி போதும். கோட்பாட்டின்படி, அந்தரத்தில் நிற்கத் தேவையான சக்தி விட்டத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்கு மாறினால் அதே எடையைத் தூக்கத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். எனவே சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பெரிய ப்ரொப்பெல்லரில் தொடங்குவதே சரியான அணுகுமுறை.

எவ்வளவு பெரியது பொருந்தும் என்பதை அறுகோணத்தின் வடிவமே சொல்லிவிடுகிறது. ஒழுங்கான அறுகோணத்தில் அடுத்தடுத்த இரண்டு முனைகளுக்கு இடையிலான தூரம், எதிரெதிர் முனைகளுக்கு இடையிலான தூரத்தில் சரிபாதி. எதிரெதிர் மோட்டார்களின் நடுவச்சுகளுக்கு இடையே 1,000 மி.மீ. உள்ள சட்டத்தில், பக்கத்து மோட்டார்களுக்கு இடையே 500 மி.மீ. இருக்கும். 18 அங்குலம் என்பது 457 மி.மீ.; ஆகவே இரண்டு ப்ரொப்பெல்லர்களின் நுனிகளுக்கு இடையே 43 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. இது போதுமானது. அதே ப்ரொப்பெல்லரை 960 மி.மீ. சட்டத்தில் பொருத்தினால் இடைவெளி 23 மி.மீ. ஆகச் சுருங்கும். நுனிகள் முட்டிக்கொள்ளாவிட்டாலும், ஒன்றின் காற்றோட்டம் மற்றொன்றைக் குலைக்கத் தொடங்கும். சட்டத்தின் மடக்கும் கைகளில் சிறிது தளர்வு இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அப்படியானால் 1,200 மி.மீ. சட்டம் வாங்கி 22 அங்குலம் போடலாமே என்று கேட்கலாம். மின்கணக்கில் அது லாபம்தான். ஆனால் கேமரா ட்ரோனுக்கு வேறொரு கணக்கும் உண்டு. பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுழலும். அதன் சமநிலைக் குறைபாட்டால் எழும் அதிர்வும் குறைந்த அதிர்வெண்ணில் எழும். கிம்பலின் ரப்பர் தாங்கிகள் உயர்ந்த அதிர்வெண்ணை எளிதில் விழுங்கிவிடும். தாழ்ந்ததைக் கேமராவுக்குக் கடத்திவிடும். தவிர, கனமான ப்ரொப்பெல்லர் வேகத்தை மாற்றிக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்வதால், காற்று மோதும்போது ட்ரோன் சோம்பலாகத்தான் எதிர்வினை செய்யும். இந்த எடை வகுப்பில் 18 அங்குலத்தில் நிற்பது நல்ல சமரசம் என்பது என் கருத்து.

பிட்ச், அதாவது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் கோட்பாட்டளவில் முன்னேறும் தூரம், பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நின்று படமெடுக்கும் ட்ரோனுக்கு விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய பிட்ச் பொருந்தும். 18 அங்குலத்துக்கு 6 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல். 8 அங்குலப் பிட்ச் வேகமாக முன்னேறிப் பறப்பதற்கானது. நின்ற இடத்தில் அது கூடுதல் மின்னோட்டத்தை வீணாக்கும்.

## மூன்றாம் படி: சுழற்சி வேகத்திலிருந்து கே.வி.க்கு

நிலையாக நிற்கும் ப்ரொப்பெல்லரின் உந்துவிசை அதன் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தையும் விட்டத்தின் நான்காம் அடுக்கையும் பொறுத்தது:

```
T = Ct × ρ × n² × D⁴

T  = 1.8 × 9.81 = 17.66 N
Ct = 0.09
ρ  = 1.225 kg/m³
D  = 0.457 m

n = 60.5 rev/s  →  3630 rpm
```

இதில் `Ct` என்பது ப்ரொப்பெல்லரின் வடிவத்தைப் பொறுத்த எண். இத்தகைய தட்டையான பிட்ச் கொண்ட இரண்டு இலை ப்ரொப்பெல்லர்களுக்கு அது 0.09-ஐ ஒட்டி இருக்கும் என்று கொண்டு தொடங்கலாம். தயாரிப்பாளரின் அட்டவணை கைக்கு வந்ததும் அதிலுள்ள சுழற்சி வேகத்தைக் கொண்டு இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நிற்பதற்கு நிமிடத்துக்கு 3,630 சுற்று. இரு மடங்கு உந்துவிசைக்கு வேகம் இரு மடங்காக வேண்டியதில்லை. உந்துவிசை வேகத்தின் வர்க்கமாக உயர்வதால் 1.414 மடங்கு போதும். அதாவது 5,130 சுற்று. மோட்டார் எட்ட வேண்டிய உச்ச வேகம் இதுவே.

இப்போதுதான் கே.வி. வருகிறது. 340 கே.வி. என்றால், ப்ரொப்பெல்லர் இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 340 சுற்று என்று பொருள். ஆறு செல் பேட்டரியின் 22.2 வோல்ட்டில் அது 7,500 சுற்றைத் தாண்டும். ஆனால் ப்ரொப்பெல்லர் மாட்டி முழு த்ராட்டில் கொடுக்கும்போது, சுருள்களின் மின்தடையில் வோல்ட்டேஜின் ஒரு பகுதி இழக்கப்படுவதால், அந்த வேகத்தில் முக்கால் பங்கை ஒட்டித்தான் எட்டும். வோல்ட்டேஜையும் பெட்டியில் அச்சிட்டபடி எடுத்துக்கொள்ளக் கூடாது. பறப்பின் கடைசி நிமிடங்களில், சுமையின் கீழ், ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். அந்த நேரத்திலும் நமக்கு இரு மடங்கு விசை கிடைக்க வேண்டும் என்பதால் 21 வோல்ட்டை வைத்தே கணக்கிட வேண்டும்:

```
KV = 5130 / (21 × 0.75) ≈ 326
```

மோட்டார்கள் எல்லாக் கே.வி.யிலும் சுற்றப்படுவதில்லை, இதற்குச் சற்று மேலே உள்ள 340-ஐத் தேர்ந்தெடுக்கிறோம். அதை வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால், பேட்டரி இறங்கிய நிலையில் ஒரு மோட்டாருக்கு 3.9 கிலோ, 22.2 வோல்ட்டில் ஏறக்குறைய 4.4 கிலோ உச்ச விசை கிடைக்கிறது.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை இரு பக்கமும் விலகிப் பார்த்தால்தான் தெரியும். அதே ப்ரொப்பெல்லருக்கு 240 கே.வி. மோட்டாரை மாட்டினால், பேட்டரி இறங்கிய நிலையில் அதன் உச்ச வேகம் 3,780 சுற்று. உச்ச விசை 1.95 கிலோ. நிற்பதற்கே 1.8 கிலோ வேண்டும். புதிதாகச் சார்ஜ் செய்த பேட்டரியோடு ட்ரோன் நன்றாகத்தான் எழும்பும். பத்து நிமிடம் கழித்துத் திசை பிடிக்க மாட்டாமல் மெல்லச் சுழலத் தொடங்கும், பிறகு த்ராட்டிலை முழுவதும் உயர்த்தினாலும் கீழே இறங்கிக்கொண்டே வரும். மாறாக 480 கே.வி. மோட்டாரை மாட்டினால், அது இந்த ப்ரொப்பெல்லரை மிக அதிக வேகத்துக்கு இழுக்க முயலும். சக்தி வேகத்தின் கனமாக உயர்வதால், முழு த்ராட்டிலில் 340 கே.வி. மோட்டார் கேட்பதைப் போல 2.8 மடங்கு சக்தியை அது கேட்கும். மோட்டாரும் இ.எஸ்.சி.யும் அதைத் தாங்கும்படி அமைக்கப்பட்டவை அல்ல. அப்படிப்பட்ட ட்ரோன் மிகக் குறைந்த த்ராட்டிலில் நிற்பதைப் பார்த்துச் சிலர் பெருமைப்படுவதுண்டு. அது நல்ல அறிகுறி அன்று. வேகமாக மேலே ஏறச் சொல்லும் முதல் தருணத்தில்தான் உண்மை வெளிப்படும்.

480 கே.வி. மோட்டாரில் குறை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 15 அங்குல ப்ரொப்பெல்லருக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடை 470 என்று வரும்.

குறைந்த கே.வி. என்றால் முறுக்குவிசை அதிகம் என்ற பரவலான கூற்றையும் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். ஒரே அளவுள்ள மோட்டாரில் மெல்லிய கம்பியைப் பல சுற்று சுற்றினால் கே.வி. குறையும், தடித்த கம்பியைச் சில சுற்று சுற்றினால் கூடும். குறைந்த கே.வி. மோட்டார் ஓர் ஆம்பியருக்கு அதிக முறுக்குவிசை தருவது உண்மை. ஆனால் அதன் மின்தடையும் அதே கணக்கில் உயர்ந்திருப்பதால், ஒரே முறுக்குவிசைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாகும். முறுக்குவிசையைத் தாங்கும் திறனைத் தருவது செம்பின் அளவும் காந்தத்தின் அளவும், அதாவது மோட்டாரின் உடல் அளவு. மோட்டாரின் மேல் 5212 என்று குறித்திருந்தால், சுருள்கள் சுற்றப்பட்ட அசையாப் பகுதியான ஸ்டேட்டரின் விட்டம் 52 மி.மீ., உயரம் 12 மி.மீ. என்று பொதுவாகப் பொருள் கொள்ளலாம். 18 அங்குலத்தைச் சுழற்ற இந்த வகுப்பு பொருந்தும். 340 கே.வி. என்று அச்சிட்டிருந்தாலும், 28 மி.மீ. ஸ்டேட்டர் கொண்ட சிறிய மோட்டாரால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

பன்னிரண்டு செல் பேட்டரிக்குப் போக விரும்புவோர் கே.வி.யைப் பாதியாக, 170-ஐ ஒட்டி, எடுத்துக்கொண்டால் மற்றக் கணக்குகள் அப்படியே நிற்கும். மின்னோட்டம் பாதியாகும், கம்பிகள் மெலியும். இந்த எடைக்கு ஆறு செல்லே போதும்.

## நான்காம் படி: தயாரிப்பாளரின் அட்டவணையைப் படித்தல்

நல்ல மோட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை அட்டவணை உண்டு. ப்ரொப்பெல்லர், வோல்ட்டேஜ், த்ராட்டில், உந்துவிசை, மின்னோட்டம், சக்தி, சுழற்சி வேகம், வாட்டுக்கு எத்தனை கிராம், வெப்பநிலை என்று அதில் நிரல்கள் இருக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடப்படும் உச்ச உந்துவிசை, அட்டவணையிலேயே மிகப் பெரிய ப்ரொப்பெல்லருக்கும் மிக உயர்ந்த வோல்ட்டேஜுக்கும் உரியது. அதைப் புறக்கணித்துவிட்டு, நம் ப்ரொப்பெல்லருக்குரிய பகுதிக்குச் செல்ல வேண்டும்.

அங்கே முதலில் 1.8 கிலோ வரும் வரியைப் பார்க்க வேண்டும். அது 50-லிருந்து 60 விழுக்காடு வரையான த்ராட்டிலில் அமைந்திருந்தால் இணை பொருந்துகிறது. அதே வரியில் உள்ள சக்தி நம்பத்தக்கதா என்பதை ஒரு கணக்கால் சோதிக்கலாம். 18 அங்குல வட்டத்தால் 17.66 நியூட்டன் விசையைத் தருவதற்கு, இழப்பே இல்லாத கற்பனை ப்ரொப்பெல்லருக்குக்கூட 117 வாட் வேண்டும். உண்மையான ப்ரொப்பெல்லர், மோட்டார், இ.எஸ்.சி. ஆகியவற்றின் இழப்புகளைச் சேர்த்தால் 220 வாட்டை ஒட்டி வரும். வாட்டுக்கு எட்டு கிராமுக்குச் சற்று மேல். அட்டவணை 200 வாட் என்று சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்கலாம். 140 வாட் என்று சொன்னால் அந்த அட்டவணையையே சந்தேகிக்க வேண்டும். 300 வாட் என்றால் மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் பொருந்தவில்லை.

அடுத்து, நூறு விழுக்காடு த்ராட்டில் வரியில் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும். நம் இணைக்கு அது 40 ஆம்பியரை ஒட்டி இருக்கும். 40 ஆம்பியர் இ.எஸ்.சி. போதும் என்று தோன்றலாம். 60 ஆம்பியர் போடுவதே சரி. கூடு மூடிய கைக்குள், காற்றோட்டம் குறைவாக, அது வேலை செய்யப்போகிறது.

இந்த அட்டவணைகள் மேசைமேல், நிலையான மின்வழங்கியோடு, கடல்மட்டத்தை ஒட்டிய காற்றில் எடுக்கப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். உந்துவிசை காற்றின் அடர்த்தியோடு நேர் விகிதத்தில் மாறும். 2,000 மீட்டர் உயரத்தில் அடர்த்தி ஏறக்குறைய 18 விழுக்காடு குறைவு, நம்முடைய 3.9 கிலோ அங்கே 3.2 கிலோவாகிவிடும், இரு மடங்கு என்ற எல்லை உடைந்துவிடும். மலைப் பகுதியில் படமெடுக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கணக்கின் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## ஐந்தாம் படி: பேட்டரியும் மீள்கணக்கும்

ஆறு மோட்டாருக்கும் 1,325 வாட், கிம்பலுக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் ஒரு 35 வாட். மொத்தம் 1,360 வாட். இரண்டு பேட்டரியில் சேர்ந்து 710 வாட்-மணி உண்டு. அதில் 80 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்தினால் 568. வகுத்தால் 25 நிமிடம். இது காற்றே அடிக்காத இடத்தில் அசையாமல் நிற்கும் கணக்கு. படப்பிடிப்புக்கு 20 நிமிடம் என்று திட்டமிடுங்கள்.

இன்னொரு பேட்டரியைச் சேர்த்தால் நேரம் ஒன்றரை மடங்காகும் என்று எண்ணத் தோன்றும். எடை 12.7 கிலோ ஆகும். தேவையான சக்தி எடையின் ஒன்றரை அடுக்கில் உயர்வதால் 27 விழுக்காடு கூடும். எனவே ஐம்பது விழுக்காடு கூடுதல் பேட்டரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய நான்கு நிமிடம். அதோடு, பேட்டரி இறங்கிய நிலையில் உச்ச விசைக்கும் நிற்கும் விசைக்கும் உள்ள விகிதம் 1.85 ஆகச் சரிந்துவிடுகிறது. நான்கு நிமிடத்துக்காக அந்த மிச்சத்தை விட்டுக்கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழே இறக்கிப் பேட்டரியை மாற்றிக்கொள்வதே மேல்.

## ஆறாம் படி: மேசையில் ஒரு மோட்டார்

ஆறையும் வாங்குவதற்கு முன் ஒரு மோட்டார், ஒரு இ.எஸ்.சி., ஒரு ப்ரொப்பெல்லர் மட்டும் வாங்கி, உந்துவிசை அளக்கும் தாங்கியில் பொருத்திச் சோதிப்பது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். தாங்கி மேசையோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். சுழலும் தளத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. 18 அங்குலக் கார்பன் இலை உடைந்து பறந்தால் அது செல்லும் திசை அதுதான்.

பறக்கப் பயன்படுத்தப்போகும் பேட்டரியையே இணைத்து, தராசு 1.8 கிலோ காட்டும் வரை த்ராட்டிலை உயர்த்திப் பத்து நிமிடம் அப்படியே ஓடவிட வேண்டும். மின்னோட்டம் 10 ஆம்பியரை ஒட்டி இருக்க வேண்டும். முடிந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியால் சுருள்களைப் பாருங்கள். வெப்பமானி இல்லாவிட்டால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு விரலை வைத்துப் பார்க்கலாம்: சில நொடி தாங்க முடிந்தால் கவலையில்லை, உடனே கையை எடுக்க நேர்ந்தால் 60 பாகை செல்சியசை நெருங்கிவிட்டது. நிற்கும் சுமையிலேயே அவ்வளவு சூடாகும் மோட்டார் இந்த வேலைக்குச் சிறியது. காந்தங்களில் சாதாரண வகை 80 பாகையை ஒட்டியே தன் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். அப்படி இழந்த மோட்டாரின் கே.வி. உயர்ந்துவிடும், அதே உந்துவிசைக்கு அதிக மின்னோட்டம் கேட்கும், இன்னும் சூடாகும்.

பிறகு முழு த்ராட்டிலை ஐந்து நொடிக்கு மேல் போகாமல் கொடுத்து, உச்ச விசையையும் அப்போது பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் திக்கித் திணறிக் கீச்சிடுவது போல் ஒலித்தால், இ.எஸ்.சி. சுழற்சியின் ஒத்திசைவை இழக்கிறது என்று பொருள். பெரிய ப்ரொப்பெல்லர்களோடு இது நேரக்கூடியது. டைமிங் அமைப்பை மாற்றியும் சரியாகாவிட்டால் வேறு இ.எஸ்.சி.தான் தீர்வு.

## ஏழாம் படி: கேமரா இல்லாமல், கேமராவின் எடையோடு

முதல் பறப்பில் கேமராவைத் தொங்கவிட வேண்டாம். அதற்குப் பதிலாக 2.5 கிலோ எடையுள்ள உலோகத் துண்டை, கேமரா தொங்கும் அதே இடத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். இடம் முக்கியம். கிம்பல் மையத்திலிருந்து 100 மி.மீ. முன்னால் தொங்கினால், முன்னிரண்டு மோட்டார்களும் தலா 140 கிராமை ஒட்டிக் கூடுதலாகச் சுமக்கும், பின்னிரண்டும் அதே அளவு குறைவாகச் சுமக்கும். நாம் கவனமாகக் கணக்கிட்ட மிச்சம் முன்பக்கத்தில் மட்டும் கரைந்துவிடும். பேட்டரியை 66 மி.மீ. பின்னே நகர்த்தினால் இது சரியாகிவிடும்.

ஆர்டுபைலட் மென்பொருள் பயன்படுத்துவோர், பறப்பதற்கு முன் பேட்டரியின் எல்லைகளைக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வோல்ட்டேஜ் இறங்க இறங்கக் கட்டுப்பாட்டின் தன்மை மாறிக்கொண்டே போகும்.

```
MOT_BAT_VOLT_MAX  25.2
MOT_BAT_VOLT_MIN  19.8
MOT_HOVER_LEARN   2
```

காற்று அடங்கிய நேரத்தில் தலையுயரத்துக்கு மேல் ஏற்றி, சில நிமிடம் அசையாமல் நிற்கவிட்டு இறக்குங்கள். மென்பொருள் தானாகக் கற்றுக்கொண்ட `MOT_THST_HOVER` மதிப்பைப் பார்த்தால் நம் கணக்கு எவ்வளவு சரி என்பது தெரியும். 1.8 கிலோவை 4.4 கிலோவால் வகுத்தால் 0.41, ஆகவே 0.4-ஐ ஒட்டிய மதிப்பை எதிர்பார்க்கலாம். 0.55-ஐத் தாண்டினால் எடை கூடுதல் அல்லது கே.வி. குறைவு. 0.25-க்குக் கீழே இருந்தால் மோட்டார் தேவைக்கு மீறியது. அத்தகைய ட்ரோன் நுண்ணிய திருத்தங்களைச் செய்ய முடியாமல் சிறு நடுக்கத்தோடு நிற்கும், அந்த நடுக்கம் படத்தில் தெரியும். மென்பொருள் எழுதிவைக்கும் பறப்புப் பதிவேட்டில், மின்னோட்டத்தைக் காட்டும் `BAT.Curr` 61 ஆம்பியரை ஒட்டி இருக்க வேண்டும். அது 75 காட்டினால், முதலில் ட்ரோனை முழுமையாகத் தராசில் ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

இன்னொன்றையும் அதே பதிவேட்டில் பார்க்க வேண்டும். `RCOU` பகுதியில் `C1` முதல் `C6` வரை ஆறு மோட்டார்களுக்கும் அனுப்பப்பட்ட கட்டளைகள் கோடுகளாக இருக்கும். முன்பக்க இரண்டும் மற்றவற்றை விட உயர்ந்திருந்தால் எடை முன்னே சாய்ந்திருக்கிறது. கடிகாரத் திசையில் சுழலும் மூன்றும் ஒருசேர உயர்ந்து, எதிர்த்திசையில் சுழலும் மூன்றும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால், பிழை எடையில் இல்லை: ஏதோ ஒரு கை தன் அச்சில் சற்றுத் திருகியிருக்கிறது, அதன் மோட்டார் செங்குத்தாக நிற்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது, மற்ற ஐந்தும் அதை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கின்றன. வட்டக் குழாய்களால் ஆன கைகளில் இது அடிக்கடி நேரும். ஒவ்வொரு மோட்டாரின் தலையிலும் சிறு நீர்மட்டத்தை வைத்துப் பார்த்து, கைப்பிடிகளைத் தளர்த்தி நேராக்கி, மீண்டும் இறுக்க வேண்டும். ஆறு கோடுகளும் நெருங்கி வந்து, இறங்கியவுடன் தொட்டுப் பார்க்கும்போது ஆறு மோட்டார்களும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால், உலோகத் துண்டை அவிழ்த்துவிட்டுக் கேமராவை மாட்டலாம்.